மலைப் பாதையும் வயிற்றுப் புரட்டலும்



பாடசாலை விடுமுறை விட்டால் போதும், நமது கரையோரத்து ஊர்களிலிருந்து நுவரெலியாவுக்கு வேன்கள் புறப்பட்டுவிடும். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு ஏறி, அன்று மாலையே நுவரெலியாக் குளிரில் இறங்கிவிட வேண்டும் என்பதுதான் அநேகமானோரின் திட்டம். மஹியங்கனை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பிள்ளைகளின் பாட்டுச் சத்தம் அடங்கிவிடுகிறது. ஒருவர் பின் ஒருவராகச் சத்தி எடுக்கிறார்கள். அடுத்த வருடம் “உம்மாவுக்கு வாகனம் ஒத்துக்கொள்ளாது” என்று சொல்லி உம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படி விட்டுப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. மாற்ற வேண்டியது பிரயாணத் திட்டத்தைத்தான்.

இது வயிற்றில் ஆரம்பிக்கும் நோயன்று, காதில் ஆரம்பிப்பது. நமது உட்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. வாகனம் வளையும்போதெல்லாம் அந்தத் திரவம் அசைந்து, “திரும்புகிறோம்” என்று மூளைக்குச் சொல்கிறது. வேனுக்குள் இருப்பவரின் கண்ணோ முன் ஆசனத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு, “அசையாமல்தான் இருக்கிறோம்” என்கிறது. இந்த இரண்டு சாட்சிகளும் முரண்படுவதால்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது அரிது. அதன்பின் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் அதிகம். சாரதிக்கு வருவதேயில்லை எனலாம். வரப்போகும் வளைவை அவருடைய கண் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது.

சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு சகோதரர், மனைவி, மூன்று பிள்ளைகள், தமது உம்மா ஆகியோருடன் நுவரெலியா போக வழி கேட்டார். உம்மாவுக்கும் நடு மகளுக்கும் சத்தி. அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

அம்பாறை, மஹாஓயா, பதியத்தலாவை வழியாக மஹியங்கனை வரை பாதை பெரும்பாலும் சமதரை. அதில் எவருக்கும் பெரிய கஷ்டமில்லை. ஹசலக்கைக்கு அப்பால் “பதினெட்டு வளைவு” தொடங்குகிறது. அது முடிந்து, உடுதும்பறை, ஹுன்னஸ்கிரிய கடந்து கண்டிக்கு இறங்கினால், கம்பளைக்கு அப்பால் புசல்லாவை, றம்பொடை என்று இரண்டாவது ஏற்றம் காத்திருக்கிறது. கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றரில். இரண்டு மலைகளையும் ஒரே நாளில் ஏறுவதுதான் வினை. ஆகவே முதல் நாள் கண்டியோடு நிறுத்துங்கள். மறுநாள் வேனை அசைக்காமல் குளக்கரையில் நடந்து, பேராதனைப் பூங்காவுக்கு மட்டும் போய் வாருங்கள். மூன்றாம் நாள்தான் நுவரெலியா.

மாத்திரை விஷயத்திலும் நேரம்தான் முக்கியம். டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரையை ஏற்றத்துக்கு அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் முன்பு விழுங்க வேண்டும். அதன் பலன் நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரைதான். காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் விழுங்கினால், வளைவுகள் முடியுமுன்பே அதன் பலன் குறையத் தொடங்கிவிடலாம். பதியத்தலாவையில் விழுங்கினால் ஹசலக்கையில் வேலை செய்யும். குமட்டல் தொடங்கிய பின் விழுங்குவது அநேகமாக வீண். மாத்திரையும் வெளியே வந்துவிடும். பிள்ளைகளுக்கான அளவை டொக்டரிடம் கேட்டே கொடுங்கள். கர்ப்பிணிகளும் வேறு மருந்து பாவிக்கும் முதியவர்களும் அப்படியே. தூக்கம் வரும் என்பதால் சாரதி இதைத் தொடவே கூடாது.

வெறும் வயிற்றோடு ஏறுவதும் தவறு, புரியாணி உண்டு ஏறுவதும் தவறு. காலையில் இரண்டு துண்டு பாணும் ஒரு வாழைப்பழமும் போதும். உம்மாவை முன் ஆசனத்திலும், மகளைச் சாரதிக்குப் பின்னுள்ள வரிசையில் முன் கண்ணாடி தெரியும்படியும் இருத்துங்கள். கடைசி வரிசை பின் சில்லுக்கு மேலே இருப்பதால் அங்குதான் ஆட்டம் அதிகம். நாமோ சிறுபிள்ளைகளை அங்கேதான் அடுக்குகிறோம்! மலையில் போனையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிடுங்கள். வேனுக்குள் தொங்கும் வாசனைப் பொருளைக் கழற்றச் சொல்லுங்கள். கருவாட்டுப் பொதி இருந்தால் கூரைக்கு அனுப்புங்கள்.

சத்தி திடீரென வருவதில்லை. கலகலப்பாக இருந்த பிள்ளை பேச்சை நிறுத்தும், கொட்டாவி விடும், உதடு வெளுக்கும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பும், வாயில் எச்சில் ஊறும். எச்சில் ஊறும் வரை காத்திராமல், பேச்சு நின்றவுடனேயே அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி, இறக்கி, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். வளைவில் மட்டும் நிறுத்தாதீர்கள். இறங்க இடமில்லையென்றால் தலையை ஆசனத்தில் அசையாமல் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். சத்தி எடுத்துவிட்டால் ஒரேயடியாகத் தண்ணீர் கொடுக்காமல், சிறிது சிறிதாகப் பருக்குங்கள்.

சாரதியுடன் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிறேக் அடிக்காமல் ஒரே சீராக உருட்டிச் செல்லும் சாரதிதான் உம்மாவுக்கு உண்மையான மருந்து. “ட்ரிப்”புக்கு இவ்வளவு என்று பேசினால் அவர் விரைவாகத் திரும்பவே பார்ப்பார். நாளுக்கு இவ்வளவு என்று பேசினால் அவருக்கும் அவசரமில்லை.

மூன்றாம் நாள் காலையிலேயே புறப்படுங்கள். மலையில் பிற்பகலில் மூடுபனி இறங்கினால் தூரத்துக் காட்சி மறைந்துவிடும். கண்ணுக்கு இருந்த ஒரே துணையும் போய்விடும். புசல்லாவையிலும் றம்பொடை நீர்வீழ்ச்சியருகிலும் கொஞ்ச நேரம் இறங்கி நில்லுங்கள். லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழும் சலுகை பிரயாணிக்கு இருப்பதால், மலையின் நடுவே தொழுகைக்காக அவசரப்பட வேண்டியதில்லை. நுவரெலியா போய்ச் சேர்ந்தே நிதானமாகத் தொழலாம்.

உம்மாவுக்கு வேனே வேண்டாம் என்றால், கண்டியிலோ பேராதனையிலோ புகையிரதம் ஏறி நானுஓயாவில் இறங்கலாம். சுமார் நான்கு மணித்தியாலம் எடுக்கும், வேனைவிட அதிகம்தான். ஆனால் புகையிரதம் மெதுவாக அகன்று வளைகிறது, எழுந்து நடக்கவும் முடிகிறது. போகும் திசையைப் பார்த்த ஆசனத்தில் இருத்துங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலால் மலையகப் புகையிரதப் பாதை பலத்த சேதமடைந்தது. ஆகவே எந்தப் பகுதி வரை ஓடுகிறது என்பதை நிலையத்தில் விசாரித்த பின்பே திட்டம் போடுங்கள். றம்பொடைப் பாதையைப் பற்றியும் அப்படியே விசாரியுங்கள்.

நுவரெலியாவில் இரண்டு இரவு தங்கும்போதும் கையை அடக்க வேண்டும். கிரகரி வாவி, விக்டோரியா பூங்கா, பக்கத்திலுள்ள ஹக்கலைப் பூங்கா போதும். ஹோட்டன் சமவெளிக்கு விடியுமுன் வளைந்து வளைந்து போக வேண்டும். அதற்குச் சத்தி இல்லாதவர்கள் மட்டும் போய் வரட்டும்.

“மௌலவி, எனக்கு மூன்று இரவுதான் லீவு” என்றார் அந்தச் சகோதரர். அப்படியானால் நுவரெலியாவை விட்டுவிட்டுக் கண்டியிலேயே தங்குங்கள் என்றேன். அவருக்கு மனமில்லை. இரண்டு நாள் லீவு கூட்டி எடுத்து, திரும்பும்போதும் கண்டியில் ஓரிரவு தங்க ஒப்புக்கொண்டார். இறக்கத்தில் பிறேக் அதிகம் என்பதால், மாத்திரையைத் திரும்பும் நாட்களுக்கும் எண்ணி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.