நூறு பேரை பயமுறுத்தி மூணு பேரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை: ஒரு மர வரைபடக் கணக்கு

1/ தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் பக்கம் லேப் வாசல்ல தொங்குற 'பெண்களுக்கான முழு உடல் பரிசோதனை' பேனரைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பட்டியல்ல பல இடத்துல கடைசி வரி 'கேன்சர் மார்க்கர்: சிஏ 125'. ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு இதை எடுக்கவே கூடாதுன்னு சொல்றேன். ஏன்னு கணக்கோட சொல்றேன். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ சிஏ 125 ரத்தத்துல இருக்குற ஒரு புரதம். சினைப்பைப் புற்றுநோய், அதாவது ஓவரி கேன்சர் வந்தா பெரும்பாலும் ஏறும். மில்லிக்கு 35 யூனிட்டுக்கு மேல போனா ரிப்போர்ட்ல தடிமனா அச்சாகி வரும். அந்த 35 எங்கேர்ந்து வந்துச்சு? 1983ல பாஸ்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்விலிருந்து.

3/ அந்த ஆய்வில் சினைப்பைப் புற்று உறுதியான 101 பேரில் 83 பேருக்கு அளவு 35ஐத் தாண்டியிருந்தது, அதாவது 82%. ஆரோக்கியமா இருந்த 888 பேரில் 1% பேருக்குத்தான் தாண்டியது. இதைக் கேட்டவுடனே "அடேங்கப்பா, நல்ல டெஸ்டாச்சே, பேக்கேஜ்ல இருந்தா என்ன தப்பு?"ன்னு தோணும். அங்கதான் மனசு ஏமாறுது.

4/ பத்தாம் வகுப்புக் கணக்கு புத்தகத்துல நாணயம் சுண்டி மர வரைபடம் போட்டது ஞாபகம் இருக்கா? முதல் கட்டத்துக்கு ரெண்டு கிளை, ஒவ்வொரு கிளை நுனியிலிருந்தும் அடுத்த கட்டத்துக்கு ரெண்டு கிளை. ஒரு முடிவோட நிகழ்தகவு வேணும்னா அந்தக் கிளை வழியே போய் வழியில இருக்குற எண்களைப் பெருக்கணும். அவ்வளவுதான். அதே மரத்தை இங்க போடுவோம்.

5/ முதல் கட்டம்: நோய் இருக்கா, இல்லையா. ஐம்பதைத் தாண்டிய, எந்த அறிகுறியும் இல்லாத பெண்களில் 2,500 பேருக்கு ஒருவர் என்பது மேலைநாட்டு ஆய்வுகள்ல வழக்கமா எடுத்துக்கிற அளவு. நம்ம நாட்டுல இந்தப் புற்று அங்கே இருப்பதைவிடக் குறைவு. அதனால இந்த டெஸ்ட்டுக்கு சாதகமாத்தான் கணக்கைத் தொடங்குறேன். ரெண்டாவது கட்டம்: டெஸ்ட் பாசிட்டிவா, நார்மலா. பத்தாயிரம் பெண்களை நிறுத்துவோம்.

```
10,000 பெண்கள்
├─ புற்று உண்டு: 4
│   ├─ பாசிட்டிவ் (0.82): 3
│   └─ நார்மல் (0.18): 1
└─ புற்று இல்லை: 9,996
    ├─ பாசிட்டிவ் (0.01): 100
    └─ நார்மல் (0.99): 9,896
```

6/ ஒவ்வொரு வழியையும் பெருக்கிப் பாருங்க. 4 × 0.82 = 3.28, மேல்கிளை. 9,996 × 0.01 = கிட்டத்தட்ட 100, கீழ்க்கிளை. 'பாசிட்டிவ்'னு ரிப்போர்ட் வாங்கின மொத்தப் பேர் 103. அதுல உண்மையிலேயே புற்று உள்ளவர் 3 பேர். ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா தூங்காம இருக்குற அந்த அம்மாவுக்கு புற்று இருக்க வாய்ப்பு 3 சதவீதம்தான். 82 இல்லை, 99 இல்லை, மூணு.

7/ "ஒரு சதவீதம்தானே தப்பா காட்டுது?" ஆமா. ஆனா அந்த ஒரு சதவீதம் 9,996 பேர்மேல பெருக்கப்படுது. 82 சதவீதம் வெறும் நாலு பேர்மேல பெருக்கப்படுது. டெஸ்ட் எவ்வளவு நல்லதுன்னு ரெண்டாவது கிளைதான் சொல்லும். உங்க ரிப்போர்ட்டுக்கு என்ன அர்த்தம்னு முதல் கிளையையும் சேர்த்துப் பெருக்கினாதான் தெரியும். பேனர்ல முதல் கிளையை யாரும் அச்சடிக்கறதில்லை.

8/ நிஜ வாழ்க்கையில மரம் இன்னும் மோசம். கர்ப்பப்பை ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ், மாதவிடாய் நாட்கள், கர்ப்பம் எல்லாத்துலயும் சிஏ 125 ஏறும். பாஸ்ட் ஆய்விலேயே, புற்று அல்லாத வேறு நோய் இருந்தவர்களில் 6% பேருக்கு 35ஐத் தாண்டியிருந்தது. புற்று இல்லாத அந்த 9,996 பேரில் 3,000 பேருக்கு இப்படி ஏதோ ஒண்ணு இருக்குன்னு வைங்க. அவங்கள்ல 180, மீதிப் பேர்ல 70. இப்ப பொய் பாசிட்டிவ் 250. நிஜம் அதே மூணு. மூணு சதவீதம் ஒரு சதவீதத்துக்குக் கிட்ட வந்திருச்சு.

9/ அடுத்து எல்லாரும் சொல்றது: "ஒரு மாசம் கழிச்சு ரிப்பீட் பண்ணிப் பாத்துடலாம்." இங்கதான் படிச்சவங்களே மரத்தைத் தப்பா வரையறாங்க. 'ஒரு தடவை தப்பா காட்ட 1%, ரெண்டு தடவையும் தப்பா காட்ட 1% × 1%, பத்தாயிரத்துல ஒண்ணு'ன்னு பெருக்குறாங்க. அப்படிப் போட்டா பொய் பாசிட்டிவ் ஒருத்தர், நிஜ பாசிட்டிவ் கிட்டத்தட்ட மூணு பேர். அதாவது ரெண்டாவது தடவையும் ஏறியிருந்தா 73% புற்றுன்னு கணக்கு காட்டும். பயந்துபோய் ஆபரேஷன் டேட் வாங்கிடுவாங்க.

10/ தப்பு எங்க? நாணயத்துக்கு முதல் தடவை என்ன விழுந்துச்சுன்னு ஞாபகம் இருக்காது. உடம்புக்கு இருக்கும். முதல் தடவை அளவை ஏத்தின ஃபைப்ராய்டு அடுத்த மாசமும் அங்கேயே இருக்கு, திரும்பவும் ஏத்தும். அதனால ரெண்டாவது கட்டத்துக் கிளையில எழுத வேண்டிய எண் '1%' இல்லை. 'முதல் தடவை ஏறியிருந்தவருக்கு மறுபடியும் ஏற எவ்வளவு வாய்ப்பு' என்பது. அது 70%னு வைங்க. 100 பேரில் 70 பேர் மறுபடியும் பாசிட்டிவ். அப்பவும் நிஜம் அந்த மூணு பேர்தான். 73% எங்க, 4% எங்க?

11/ சரி, "பயந்தா என்ன, ஸ்கேன் எடுத்துட்டா தெரிஞ்சிடும்"னு சொல்வீங்க. சினைப்பைப் புற்றுல பிரச்சினையே இதுதான். ஸ்கேன்ல ஏதாவது சந்தேகமா தெரிஞ்சா, பொதுவா மார்பகக் கட்டி மாதிரி ஊசி குத்திப் பார்க்க மாட்டோம். புற்று செல் வயித்துக்குள்ள பரவலாம் என்ற பயம். உறுதி பண்ணணும்னா பெரும்பாலும் வயித்தைத் திறக்கணும் இல்ல லேப்ராஸ்கோப் விடணும், சினைப்பையையே எடுக்கணும்.

12/ இது வெறும் யூகம் இல்லை. அமெரிக்காவில் 78,216 பெண்களை வெச்சு செஞ்ச பிஎல்சிஓ ஆய்வு 2011ல வெளியாச்சு. பாதிப் பேருக்கு வருஷா வருஷம் சிஏ 125ம் ஸ்கேனும், மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பொய் பாசிட்டிவ் வந்தவங்க 3,285. அதுல 1,080 பேர் ஆபரேஷன் வரைக்கும் போனாங்க. அவங்கள்ல 163 பேருக்குக் கடுமையான சிக்கல். புற்றே இல்லாதவங்களுக்கு!

13/ பதிலுக்கு எத்தனை உயிர் மிச்சம்? சினைப்பைப் புற்றால் இறந்தவர்கள் டெஸ்ட் எடுத்த பக்கம் 118, எடுக்காத பக்கம் 100. "ஒரே ஒரு அளவை வெச்சு முடிவு பண்ணாம, வருஷா வருஷம் எப்படி ஏறுதுன்னு பாத்தா?"ன்னு ஒரு நல்ல கேள்வி வரும். பிரிட்டன்ல ரெண்டு லட்சத்துக்கும் மேல பெண்களை வெச்சு அதையும் பாத்துட்டாங்க. 2021ல வந்த இறுதி முடிவு: சில புற்றுகளை முன்கூட்டியே பிடிக்க முடிஞ்சது, ஆனா சாவு குறையலை.

14/ "நார்மல்னு வந்தா நிம்மதிதானே டாக்டர்?" மரத்தைத் திரும்பப் பாருங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடியே 10,000 பேரில் 9,996 பேர் நல்லாத்தான் இருந்தாங்க. நீங்க காசு குடுத்து வாங்கின நிம்மதி ஏற்கெனவே உங்க கிட்ட இருந்தது. ஆபத்து அந்த மேல்கிளையோட இன்னொரு நுனியில இருக்கு: புற்று இருந்தும் 'நார்மல்' வாங்கின ஒருத்தர். நாலு மாசம் கழிச்சு வயிறு உப்பினா "போன தடவை எல்லாம் நார்மல்"னு ஜெலுசில் குடிச்சுக்கிட்டு இருப்பாங்க.

15/ அப்ப இது உதவாத டெஸ்ட்டா? இல்லவே இல்லை. முதல் கிளை மாறினா எல்லாமே மாறும். ஸ்கேன்ல சந்தேகமான கட்டி இருக்கு, அப்படிப்பட்ட 100 பேரில் 30 பேருக்குப் புற்றுன்னு வைங்க. 30 × 0.82 = 25. கட்டி இருக்குறவங்ககிட்ட பொய் பாசிட்டிவ் கூடுதல், 20%னு வெச்சா 70 × 0.20 = 14. பாசிட்டிவ் 39 பேரில் 25 பேருக்குப் புற்று, அதாவது 64%. அதே டெஸ்ட், அதே 35. ஆனா இப்ப பேசுது. புற்று உறுதியாகி சிகிச்சை எடுக்கறவங்களுக்கு மருந்து கேக்குதான்னு பார்க்கவும் இதே சிஏ 125தான் உதவும்.

16/ இதுலயும் நம்ம ஊருக்கு ஒரு எச்சரிக்கை. வயித்துல நீர் கோத்து, சிஏ 125 பல நூறுல நின்னா உடனே 'முத்தின கேன்சர்'னு முடிவு கட்டிடாதீங்க. வயித்து டிபியும் அச்சு அசலா இப்படியே வரும். மேலைநாட்டு மரத்துல அந்தக் கிளை மெலிசு, நம்ம ஊர்ல தடிசு. திசுப் பரிசோதனை வந்த பிறகுதான் பெயர் வைக்கணும். டிபின்னா மாத்திரையிலேயே குணமாகும்.

17/ யார் கட்டாயம் டாக்டரைப் பார்க்கணும்? ரெண்டு மூணு வாரமா தொடர்ந்து வயிறு உப்பல், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைஞ்ச உணர்வு, அடிவயித்து வலி, அடிக்கடி சிறுநீர். இல்லேன்னா அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது சினைப்பைப் புற்று, இல்ல சின்ன வயசுல மார்பகப் புற்று. உங்க முதல் கிளை வேற. பேக்கேஜ் வேண்டாம், நேரா மகப்பேறு மருத்துவரைப் பாருங்க.

18/ அறிகுறி இல்லாதவங்களுக்கு அரசுத் திட்டத்துல என்ன பரிசோதனை இருக்கு? 30 வயசுக்கு மேல வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய். சிஏ 125 அதுல இல்லை, மறதியால இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு முந்தைய நிலைன்னு ஒண்ணு இருக்கு, வருஷக்கணக்குல காத்திருக்கும், கண்டுபிடிச்சா சின்ன சிகிச்சையில தீரும். அங்க முன்கூட்டியே பிடிக்கறது உயிரைக் காப்பாத்துது. அந்தப் பரிசோதனையை ஒரு தடவைகூட எடுக்காத பெண்ணுக்கு சிஏ 125 விக்கறது வைத்தியம் இல்லை, வியாபாரம்.

19/ லேப் நடத்துறவங்களுக்கு: பேக்கேஜ்லேர்ந்து அந்த வரியை எடுங்க. எடுக்க மனசு வரலேன்னா, ரிப்போர்ட்ல 35க்குப் பக்கத்துல "அறிகுறி இல்லாதவர்களில் பாசிட்டிவ் வரும் நூறு பேரில் சுமார் மூவருக்கே புற்று இருக்கும்"னு அச்சடிங்க. எத்தனை பேர் அதுக்கப்புறமும் வாங்குறாங்கன்னு பாப்போம்.

20/ வாங்கறவங்களுக்கு: கவுண்டர்ல "இந்த டெஸ்ட் எவ்வளவு துல்லியம்?"னு கேக்காதீங்க, 99%னு பதில் வரும், அது பொய்யும் இல்லை. "என்னை மாதிரி தொந்தரவு இல்லாத நூறு பேருக்கு பாசிட்டிவ் வந்தா, அதுல எத்தனை பேருக்கு நிஜமா நோய்?"னு கேளுங்க. பதில் தெரியலேன்னா அந்த டெஸ்ட் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டு மீதிக்குக் காசு கட்டுங்க.