கடைசிப் படத்தில் பெயர்கள் வேண்டும்

சென்னையில் மரம் நடும் நாள் நெருங்கினால் குடியிருப்போர் நலச் சங்கத்தின் அழைப்பு கைப்பேசிக்கு வந்துவிடும். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஐந்தாறு படங்கள். முதலில் ஜூன் 5 என்ற தேதி, அடுத்து தொப்பி, தண்ணீர் பாட்டில் கொண்டுவரச் சொல்லும் படம். இந்த அழைப்பைத் திருத்தி எழுத வேண்டும்.

உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூனில் வந்தாலும், சென்னையின் பெருமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. கத்திரி முடிந்த பிறகும் ஜூனில் இங்கே வெயில் தணிவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களுக்கு அந்த மாதம் பொருந்தும், கடலோரத்துக்குப் பொருந்தாது. அக்டோபர் பிற்பாதியில் ஒரு ஞாயிறு, காலை ஆறரை மணி என்று போட்டால், கன்று வேர்பிடிக்க ஏறக்குறைய இரண்டு மாத ஈரம் கிடைக்கும். குழி வெட்டுவதற்கு அதற்கு இரு வாரம் முன்னதாக இன்னொரு தேதியும் தேவை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி. மாநகராட்சியின் அனுமதியையும், அடியில் குழாயோ மின்கம்பியோ ஓடவில்லை என்பதையும் அதற்குள் உறுதிசெய்துவிட வேண்டும்.

கொண்டுவர வேண்டியவை கடப்பாரை, மண்வெட்டி, மக்கிய தொழுவுரம், மூங்கில் கழி, சணல் கயிறு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பிளேடு. நெடுநாள் பையிலேயே வளர்ந்த கன்றின் வேர் அடியில் வளையமாகச் சுற்றியிருக்கும். பையைக் கிழித்து அந்த வளையத்தை வெட்டிவிடாமல் புதைத்தால், மேலே தழைத்தாலும் வேர் மண்ணுக்குள் பரவாமல் நின்றுபோகலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களை வேரோடு சாய்த்ததைப் பார்த்த ஊருக்கு இந்த எச்சரிக்கை அவசியம்.

கடைசிப் படத்தில் இன்று நன்றி அறிவிப்பு வருகிறது. அங்கே தண்ணீர் ஊற்றுவோரின் பெயர்கள் வர வேண்டும். ஒரு தெருவில் புங்கனும் பூவரசுமாகப் பத்துக் கன்றுகள் என்றால், கன்றுக்கு இரண்டு வீடு. மழை நின்றது முதல் அடுத்த அக்டோபர் வரை வாரம் இருமுறை ஒரு வாளி. கோடையில் குடிநீரே லாரியில் வருகிறதே என்று கேட்பார்கள். அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைச் சேர்த்துவைத்தாலே இந்த வாளியைப் பெரும்பாலும் நிரப்பிவிடலாம். பன்னிரண்டு வீடுகள் மட்டும் பெயர் கொடுத்தால் ஆறு கன்றுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். படம் எடுக்க வரும் கூட்டம் குறையும் என்று சங்கச் செயலாளர்கள் தயங்கலாம். குறைந்தால் குறையட்டும், மே மாதத்தில் காய்ந்த குச்சிகளாக நிற்கும் நூறு கன்றுகளால் யாருக்கும் நிழல் இல்லை.

இலை உதிர்ந்த கன்றை அவசரப்பட்டுப் பிடுங்கவும் வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால் தொடர்ந்து தண்ணீர் விடலாம். அடிவரை பழுப்பாக இருந்தால், அதே குழியில் அக்டோபரில் வேறு கன்று வைக்கலாம்.