ஆறாவது சான்றிதழ் எதற்கு?

பலாங்கொடையில் கணினி படித்த பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான்: இன்னும் ஒரு சேர்டிபிகேட் எடுத்துவிட்டால் கொழும்பில் வேலை நிச்சயம். போன வாரமும் அதைத்தான் கேட்டேன். உறவுக்காரப் பையன் ஒருவன் சிவியை என் கையில் தந்து, "அஞ்சு இருக்கு மாமா, ஆறாவதையும் எடுத்துட்டா கூப்பிடுவாங்கதானே?" என்றான். எனக்கு வந்த கோபம் அவன் மேல் இல்லை. இந்த நம்பிக்கையை அவன் தலையில் ஏற்றி, அதற்குக் காசும் வாங்கியவர்கள் மேல்.

கணக்கைப் பாருங்கள். அமேசன் கிளவுட்டின் சொலுஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்குக் கட்டணம் 150 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால் 45,000 ரூபாய். 2024இல் அறிவிக்கப்பட்ட தோட்டத் தினக்கூலி 1,350 ரூபாய். ஒரு தாய் 33 நாள் கொழுந்து பறித்த சம்பளம் ஒரே தேர்வுக்குப் போகிறது. 130 நிமிடம், 65 கேள்விகள், எல்லாமே விடையைத் தெரிவு செய்யும் கேள்விகள். மூன்று வருடத்தில் அது காலாவதியும் ஆகிவிடும். ஒரு சேர்வரைக்கூடத் தொடாமல் இதில் சித்தியடையலாம். பழைய கேள்விகளை மனப்பாடம் பண்ண வைத்துச் சித்தியடைய வைக்கிற வகுப்புகளும் இருக்கின்றன. குபெர்னெட்டிஸ் நிர்வாகிக்கான தேர்வு மட்டும் வேறு மாதிரி. இரண்டு மணி நேரம் கறுப்புத் திரையில் உட்கார்ந்து, உடைந்ததைத் திருத்திக் காட்ட வேண்டும். அதை இந்த வகுப்புகள் விற்பதில்லை.

இந்தப் பிள்ளைகள் தேடுகிற வேலை எதற்காக இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். லங்கா அரச கிளவுட்டில் இருந்த gov.lk மின்னஞ்சல்களை ரான்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள். சேவை திரும்பி வந்தது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. மூன்று மாதத்துக்கும் மேலான அரசாங்கக் கடிதங்கள் போயே போய்விட்டன. "கடைசியாக எப்போது பேக்கப்பை மீட்டுப் பார்த்தோம்?" என்று மே மாத முடிவில் ஒருவர் கேட்டு, ஒரு நாள் செலவழித்துப் பார்த்திருந்தால் அது அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளுக்குத்தான் கம்பனிகள் சம்பளம் கொடுக்கின்றன.

இப்போது பையனின் சிவிக்கு வருகிறேன். அவன் விண்ணப்பித்த விளம்பரம் தெளிவாகவே இருந்தது. அமேசனில் குபெர்னெட்டிஸ், டெராஃபோர்ம், கிட்ஹப் அக்‌ஷன்ஸ் பைப்லைன், மாதம் 99.9 சதவீத அப்டைம், முறை வைத்து இரவு அழைப்பு, ஒரு அசோசியேட் சான்றிதழ். சிவியின் முதல் பக்கம் முழுக்க ஐந்து சான்றிதழ் வில்லைகள். அவற்றில் இரண்டு மைக்ரோசொஃப்ட் கிளவுட்டுக்கானவை, விளம்பரத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை. அமேசனுக்கு இருப்பது ஆரம்பநிலைச் சான்றிதழ். கேட்டது அதற்கு அடுத்த படி. டெராஃபோர்ம் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் டெராஃபோர்மில் எழுதி எதைக் கட்டினான் என்று ஒரு வரிகூட இல்லை. சான்றிதழ் ஒரு கிளவுட்டைச் சொல்ல, பைப்லைன் வேறொன்றைச் சொல்ல, அப்டைம் எதையும் சொல்லாமல் இருந்தால், வாசிக்கிற ஆள் அரை நிமிடத்தில் அடுத்த சிவிக்குப் போய்விடுவார். ஆறாவது வில்லை அந்த அரை நிமிடத்தைக்கூட நீட்டாது.

பைப்லைன் பகுதியில் நான்கு கருவிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவன் பயிற்சிக்கு எழுதிய ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். கடைசி வரி இது:

```
kubectl apply -f deploy.yaml
```

இந்த வரி பச்சை நிறமானால் வேலை முடிந்தது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முடியவில்லை. கோரிக்கையைக் குபெர்னெட்டிஸ் வாங்கிக்கொண்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. உள்ளே செயலி ஏறி விழுந்து, ஏறி விழுந்துகொண்டிருந்தாலும் பைப்லைன் பச்சைதான். காத்திருந்து பார்க்கவும், சரிவராவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வேண்டும்:

```
kubectl rollout status deployment/billing --timeout=120s \
  || { kubectl rollout undo deployment/billing; exit 1; }
```

இதை எழுதியவன், ஒரு தடவையாவது பழைய பதிப்புக்குத் திரும்பியவன், சிவியில் "தோல்வியடைந்த வெளியீட்டை இரண்டு நிமிடத்தில் திருப்பினேன்" என்று எழுதலாம். நான்கு கருவிப் பெயர்களைவிட அந்த ஒரு வரிக்குப் பெறுமதி அதிகம்.

அப்டைம் வரியைப் படித்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "2022 முதல் 2024 வரை 99.99% அப்டைம்." அவன் பார்த்தது டவுனில் உள்ள ஒரு மொத்தக் கடையின் பில் போடும் சேர்வர். 99.99 என்றால் வருடத்துக்கு 53 நிமிடம்கூட நிற்கக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கடையில் ஜெனரேட்டர் இல்லை. அப்படி ஒரே நாள் நின்றாலும் பதினான்கு வருடத்துக்கான கணக்கு முடிந்துவிடும். எங்கிருந்து வந்தது அந்த எண் என்று கேட்டேன். வகுப்பில் கொடுத்த மாதிரிச் சிவியில் இருந்ததாம். வெட்கங்கெட்ட வேலை! நேர்முகத் தேர்வில் "எதை வைத்து அளந்தீர்கள்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்க வேண்டும், மாதிரியை விற்றவர் அங்கே நிற்கப்போவதில்லை.

உண்மையில் அவன் செய்தது என்ன தெரியுமா? மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, கரன்ட் போவதற்கு முன்பே தரவுத்தளத்தை ஒழுங்காக நிறுத்தியிருக்கிறான். ஒவ்வொரு இரவும் அதன் நகலை வேறொரு கணினிக்கு அனுப்பியிருக்கிறான். மாதத்தில் ஒரு நாள் அந்த நகலைப் பழைய லப்டொப் ஒன்றில் மீட்டு, முந்தைய நாள் பில் தொகை சரியாக வருகிறதா என்று முதலாளியோடு உட்கார்ந்து ஒப்பிட்டிருக்கிறான். அரச மின்னஞ்சலுக்கு 2023 மே மாதத்திலிருந்து இல்லாமல் போனது இதுதான்! பலாங்கொடையில் ஒரு கடைக்கு இருந்தது. சிவியில் அது கடைசிப் பக்கத்தின் அடியில், "சேர்வர் பராமரிப்பு" என்ற இரண்டு சொல்லாகக் கிடந்தது.

கம்பனிகளையும் நான் விடுவதாக இல்லை. மூன்று கிளவுட், எட்டுக் கருவி, ஐந்து சான்றிதழ் என்று யாரோ எழுதிய விளம்பரத்தை அப்படியே வெட்டி ஒட்டுகிறார்கள். மாதம் 99.9 என்றால் 43 நிமிடம் நிற்க இடமுண்டு, 99.99 என்றால் நான்கு நிமிடம். நித்திரையில் இருக்கிற ஒருவன் எழுந்து லப்டொப்பைத் திறக்கவே அது போதாது. இதைத் தெரியாமல் நான்கு ஒன்பதைக் கேட்டுவிட்டு, இரவு அழைப்புக்கு ஒரே ஒரு இளைஞனை வைக்கிற இடங்களும் இருக்கின்றன. அதற்கு மேலதிகப் படியும் கிடையாது. தோட்டப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறினால் மட்டும் உடனே குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

பையனிடம் ஆறாவது தேர்வுக்கு வைத்திருந்த காசைக் கட்ட வேண்டாம் என்று சொன்னேன். மைக்ரோசொஃப்ட் வில்லைகளை இந்த விண்ணப்பத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். கடைச் சேர்வரை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, 99.99ஐ அடித்துவிட்டு, மாதாந்த மீட்பையும் அதற்கு எடுத்த நேரத்தையும் எழுதச் சொன்னேன். அதே பில் செயலியை அவனுடைய லப்டொப்பிலேயே சிறிய குபெர்னெட்டிஸில் ஏற்றி, கிட்ஹப் அக்‌ஷன்ஸால் வெளியிட்டு, வேண்டுமென்றே உடைத்துத் திருப்பிப் பார்க்க ஒரு மாதம் போதும், செலவும் இல்லை. இரவு அழைப்பில் அனுபவமில்லை என்பதை மறைக்காமல், அதைக் கேட்காத கனிஷ்ட வேலைக்கு முதலில் விண்ணப்பிக்கட்டும். அசோசியேட் தேர்வை அதற்குப் பிறகு, முடிந்தால் கம்பனிச் செலவில் எழுதிக்கொள்ளலாம்.