வாடகை என்று சொல்லாதீர்கள்

பாலக்கோட்டில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் பூவிலேயே குத்தகை விடுவது புதிதல்ல. வியாபாரி முன்பணம் தருகிறார், காய்ப்பு அவருடையது. விலை ஏறினால் லாபம் அவருக்கு. ஆலங்கட்டி மழை கொட்டினால் நட்டமும் அவருக்கே. இப்போது பங்குச்சந்தையிலும் இதே போல ஒரு வருமானம் உண்டு, 'பங்கை வாடகைக்கு விடுங்கள்' என்று சிலர் விற்கிறார்கள். கையில் இருக்கும் பங்கின் மேல் கால் ஆப்ஷன் எழுதி விற்பது, அதாவது கவர்டு கால். இதைச் சூதாட்டம் என்று ஒதுக்குவதும் சரியில்லை, வாடகை என்று கொஞ்சுவதும் சரியில்லை. குத்தகையோடு ஒப்பிட்டாலும் பாதிதான் பொருந்தும்: ஏற்றம் வியாபாரிக்குப் போகிறது, ஆலங்கட்டி மட்டும் தோப்புக்காரர் தலையில் விழுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, நடைமுறை உண்மை. ஒருவரிடம் ஒரு நிறுவனத்தின் 500 பங்குகள் இருக்கின்றன. ஒரு லாட்டும் அதுவே. இன்றைய விலை 1,400 ரூபாய். மாதக் கடைசியில் முடியும் 1,500 ஸ்ட்ரைக் காலை 18 ரூபாய்க்கு விற்கிறார். 9,000 ரூபாய் கைக்கு வருகிறது. எக்ஸ்பைரி அன்று விலை 1,500-க்குக் கீழே நின்றால் பணமும் பங்கும் அவருடையவை. 1,650-க்குப் போனால் பங்கை 1,500-க்குக் கொடுத்தாக வேண்டும்; பிரீமியத்தைச் சேர்த்தாலும் பங்குக்கு 132 ரூபாய் வீதம் 66,000 ரூபாய் ஏற்றம் கைநழுவுகிறது. 1,250-க்கு விழுந்தால் 75,000 ரூபாய் குறைகிறது. பிரீமியம் போக 66,000. மேலேயும் கீழேயும் எண் ஒன்றுதான். ஒன்று வராமல் போன லாபம், மற்றது வந்துவிட்ட நட்டம். 2024 ஜூன் 3-ஆம் தேதி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள், தேர்தல் முடிவு அன்று, கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. கால் விற்றவருக்கு ஏற்றத்தில் கூரை இருந்தது, இறக்கத்தில் தரை இல்லை.

ஆகவே ஸ்ட்ரைக் எது என்பதே முழு விஷயம். 1,420-ஐத் தேர்ந்தால் பிரீமியம் கனமாக இருக்கும், ஆனால் சின்ன ஏற்றத்திலேயே பங்கு போய்விடும். 1,600-ஐத் தேர்ந்தால் பங்கு பத்திரம், கிடைப்பதோ டீச்செலவுக்குச் சற்று மேல். கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த விலைக்கு யாராவது கேட்டால் நான் மனசார விற்பேனா?' என்பது. தாத்தா 90 ரூபாய்க்கு வாங்கி வைத்த பங்கென்றால் பதில் பெரும்பாலும் 'இல்லை'. பங்கு பறிபோனால் மூலதன ஆதாய வரிக் கணக்கும் ஒரே நாளில் வரும். காலாண்டு முடிவு வரும் மாதத்தில் பிரீமியம் கொழுத்திருப்பதும் சும்மா இல்லை. விலை குதிக்கலாம் என்று வாங்குபவருக்கும் தெரியும்.

2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் எக்ஸ்பைரியில் பங்காகவே தீர்க்கப்படுகின்றன. அன்றைக்குப் பங்கு டீமேட்டில் தடையில்லாமல் இருக்க வேண்டும். பங்கு நம்மிடமே இருந்தாலும் விற்ற காலுக்கு மார்ஜின் கேட்பார்கள். அதற்காகப் பங்கை அடகு வைத்தவர், அடகை எப்போது மீட்பது என்பதை எக்ஸ்பைரி வாரத்துக்கு முன்பே தரகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பங்கைக் கொடுக்க மனமில்லையென்றால், விற்ற காலை ஏறிய விலைக்குத் திரும்ப வாங்கித்தான் வெளியே வர முடியும்.

இந்த வேலைக்கு அளவும் இருக்கிறது. 2019 ஜனவரியில் மியூச்சுவல் ஃபண்டுகளுக்குக் கவர்டு கால் எழுத அனுமதித்தபோது, ஒரு நிறுவனத்தில் இருக்கும் அடமானமில்லாத பங்குகளில் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது, திட்டத்தின் மொத்தப் பங்கு மதிப்பில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று செபி வரம்பு வைத்தது. அந்த அளவுகோலை நம் கணக்கில் வைத்தால், ஒரே ஒரு லாட் எழுத அந்த நிறுவனத்தில் 1,667 பங்கும், மொத்தத்தில் 50 லட்சத்துக்கு மேல் பங்கு மதிப்பும் வேண்டும். தக்காளி மண்டியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் நூறு, இருநூறு பங்கு வைத்திருப்பவருக்கு இது பேச்சே இல்லை. லாட்டை நிரப்ப மேலும் வாங்கச் சொல்பவரிடம் எழுந்து வந்துவிடலாம்.

தனிநபருக்குச் சட்டம் அந்த வரம்பை வைக்கவில்லை. ஆகவே அது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஓய்வூதியர்களுக்கு யோசனை சொல்லும் தரகு முகவர் பிரீமியத்தை மட்டும் வட்டமிட்டுக் காட்டாமல் இருக்க வேண்டும். முதலீட்டாளர் வீட்டில் சொல்லாமல் கையெழுத்துப் போடாமல் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் 'அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்' என்று ஒதுங்காமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். முதல் கால் விற்கும் முன் ஒரு தாளில் இரண்டே வரி எழுதி, முகவரும் முதலீட்டாளரும் கையொப்பமிடட்டும்: '1,500-க்கு மேலே உள்ள ஏற்றம் எனக்கு இல்லை. 1,382-க்குக் கீழே உள்ள இறக்கம் முழுவதும் என்னுடையது.'