தங்கமா, பிட்காயினா? 2022 இலங்கைக் கணக்கு

"கரன்சி சரிஞ்சா தங்கமெல்லாம் பழைய காலம், பிட்காயின்தான் பாதுகாப்பு"ன்னு சொல்ற நண்பன் உங்க ஹாஸ்டல்லயும் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். அவன்கிட்ட வாதாடி ஜெயிக்கிறது கஷ்டம். அதனால வாதாட வேண்டாம், ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நிஜமாவே ஒரு கரன்சி சரிஞ்ச ஊர் நமக்குப் பக்கத்துலயே இருக்கு.

2022 ஜனவரியில் இலங்கையில் ஒரு டாலருக்கு அதிகாரபூர்வ விலை சுமார் 200 ரூபாய். மத்திய வங்கி அதை அப்படியே பிடிச்சு வச்சிருந்தது. கையிருப்பு டாலர் கரைஞ்சுக்கிட்டே போனதால மார்ச் 7-ஆம் தேதி அந்தப் பிடியைத் தளர்த்தினாங்க. மே மாசம் பாதியில் ஒரு டாலர் சுமார் 360 ரூபாய்.

இப்போ ஜனவரியில் ஒருத்தர்கிட்ட 1 லட்சம் இலங்கை ரூபாய் சேமிப்பு இருந்ததா வச்சுக்குவோம். அதாவது 500 டாலர். செய்கூலி, கமிஷன் எல்லாத்தையும் தற்காலிகமா மறந்துடுங்க.

தங்கமா வாங்கியிருந்தா? டாலர்ல பார்த்தா தங்கம் அந்த ஆறு மாசத்தோட தொடக்கத்துல இருந்த விலைக்கும் முடிவுல இருந்த விலைக்கும் பெருசா வித்தியாசம் இல்லை. ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் ஒரு அவுன்ஸ் 1,800 டாலரை ஒட்டியே இருந்தது. ஆனா ஒவ்வொரு டாலரும் 360 ரூபாய் ஆயிடுச்சு. ஜூன் கடைசியில் அந்தத் தங்கத்தின் மதிப்பு சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம்.

பிட்காயினா வாங்கியிருந்தா? ஜனவரியில் அது சுமார் 46,000 டாலர். மே பாதியில் 30,000-க்கு இறங்கிடுச்சு. அப்பவும் ரூபாய்ல கொஞ்சம் லாபம்தான், சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம். ஜூன் கடைசியில் அது 20,000 டாலர். போட்ட 500 டாலர் 217 டாலர் ஆகி, ரூபாய்ல 78 ஆயிரம்தான் தேறும். சரிஞ்ச ரூபாயை அப்படியே பீரோவுல வச்சிருந்தாக்கூட கையில 1 லட்சம் இருந்திருக்கும்!

அந்த ஜூன் கடைசியிலதான் இலங்கையில் பொதுமக்களுக்கு பெட்ரோல் விற்பனையையே நிறுத்தினாங்க. சேமிப்பை எடுக்க வேண்டிய நாள்னு ஒண்ணு இருந்தா, அது அதுதான்.

இது வெறும் கெட்ட நேரமா? முழுசா இல்லைன்னு நினைக்கிறேன். இலங்கையோட சிக்கலுக்கு அதன் சொந்தக் காரணங்கள் நிறைய. ஆனா அதே 2022-ல் அமெரிக்கா வட்டியை வேகமா ஏத்திச்சு. வட்டி ஏறினா டாலர் பலமாகும், பலவீனமான கரன்சிகள் இன்னும் அழுத்தப்படும். அதே நேரம் பணம் ரிஸ்க்கான இடங்கள்ல இருந்து வெளியேறும், பிட்காயின் அதுல முதல் வரிசை. அதாவது உங்க ரூபாயை அமுக்குற கை, உங்க பிட்காயினையும் அமுக்கலாம். குடையும் மழையும் ஒண்ணா வந்தா சரி. குடை கிழியுறதும் மழை வர்றதும் ஒரே நாள்னா என்ன பண்றது?

நண்பன் இங்கே குறுக்கிடுவான்: "2024 டிசம்பர்ல ஒரு லட்சம் டாலரைத் தாண்டுச்சே?" உண்மைதான். இரண்டரை வருஷம் விற்காம காத்திருந்தவருக்கு தங்கத்தை விட அதிகமாவே கிடைச்சிருக்கும். அது நல்ல முதலீடு. ஆனா காஸ் சிலிண்டர் வாங்க வேண்டியவர் இரண்டரை வருஷம் காத்திருக்க மாட்டார்.

தங்கத்தையும் சும்மா விடக்கூடாது. நகையா வாங்கினா செய்கூலி, சேதாரம்னு கொடுக்குற காசு விற்கும்போது திரும்பி வராது. மொத்த மதிப்புல 15% அதுல போயிருந்தா, மேலே சொன்ன 1 லட்சத்து 80 ஆயிரம் 1 லட்சத்து 53 ஆயிரமா சுருங்கிடும். காசா வாங்கினா இழப்பு குறைவு. மே மாசம் எல்லாரும் பதறினப்போ 360 ரூபாய் டாலர்ல தங்கம் வாங்கினவருக்கும் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கலை. சரிவு ஏற்கெனவே விலைக்குள்ள வந்துடுச்சு. தங்கம் காப்பாத்தினது முன்னாடியே வச்சிருந்தவங்களைத்தான்.

கிரிப்டோ பக்கம் அந்த வருஷம் உண்மையா வேலை செஞ்சிருக்கக்கூடியது டாலரோட கட்டி வச்ச யூஎஸ்டிடி மாதிரி காயின்தான். 500 டாலர் 500 டாலராவே நின்னு, 1 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருக்கும். ஆனா அதே மே மாசம் டெர்ரா யூஎஸ்டிங்கிற இன்னொரு "ஒரு டாலர்" காயின் சில நாட்கள்ல சில சென்ட்டுக்கு விழுந்தது. யூஎஸ்டிடி பின்னாடி டாலர் சொத்துக்கள் இருந்தது. டெர்ரா பின்னாடி பெரும்பாலும் இன்னொரு காயின்தான். வெளியிலிருந்து பார்த்தா ரெண்டும் ஆப்ல ஒரே மாதிரி "1.00"ன்னுதான் தெரிஞ்சது. அதோட, மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. ஆப்பைத் திறக்கவே முதல்ல போன்ல சார்ஜ் இருக்கணும்.