இரயிலில் நிலவும் மௌனம்: விருப்பமா, தவறான கணிப்பா?

முன்பின் அறியாதவரோடு சில நிமிடங்கள் பேசினால் மனம் மலரும், தனிமை குறையும் என்னும் கூற்று இப்போது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. இக்கூற்றின் முதற்பாதிக்கு வலுவான சான்று உண்டு. பிற்பாதிக்கு அத்தகைய வலு இல்லை. இரண்டையும் பிரித்தறிய, அடிக்கடி சுட்டப்படும் ஆய்வு உண்மையில் எதனை அளந்தது என்று காண வேண்டும்.

நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகிய உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட அந்த ஆய்வு, சிகாகோ நகருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் இரயில் பயணிகளிடம் தொடங்கியது. பயணிகள் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் அருகில் அமரும் அந்நியரோடு பேச வேண்டும்; மற்றொரு குழுவினர் எவரோடும் பேசாது தம்மளவில் அமர்ந்திருக்க வேண்டும்; மூன்றாம் குழுவினர் வழக்கம்போல் பயணம் செய்யலாம். பயண முடிவில் வினாத்தாளை நிரப்பி அஞ்சலில் அனுப்பினர். பேசியவர்களின் பயணமே மிக இனிமையாக அமைந்திருந்தது. பேசாதிருந்தவர்களின் பயணம் அவ்வாறு அமையவில்லை.

இவ்வளவே எனில் அது சிறு செய்தியாகவே நின்றிருக்கும். ஆய்வாளர்கள் அதே பயணிகள் கூட்டத்திலிருந்து வேறொரு குழுவினரை அழைத்து, இம்மூன்று சூழல்களிலும் தம் பயணம் எவ்வாறு இருக்கும் என்று கற்பனை செய்து கூறச் செய்தனர். அவர்களின் கணிப்பு நேர்மாறாக இருந்தது. பேசுவதே மிகக் கசப்பான பயணமாகும் என்றே அவர்கள் எண்ணினர். ஆய்வின் உயிர்நாடி இம்முரணில்தான் உள்ளது.

இப்பிழை எங்கிருந்து எழுகிறது? பேச முயன்றால் உடன்பயணிகளுள் பாதிக்கும் குறைவானவர்களே இசைவர் என்று கணித்தவர்கள் கருதினர். உண்மையில் பேச முயன்றவர்களுள் எவரும் தாம் புறக்கணிக்கப்பட்டதாகக் குறிப்பிடவில்லை. ஒவ்வொருவரும் தமக்குப் பேச விருப்பம் உண்டு, அடுத்தவருக்கே இல்லை என்று நினைக்கின்றனர். அடுத்தவரும் அவ்வாறே நினைக்கிறார். எனவே பெட்டி முழுவதும் அமைதி காக்கிறது. அந்த அமைதியைக் காண்பவர் அதனைப் பிறரின் விருப்பம் என்று படிக்கிறார். பேசிப் பார்க்காதவருக்குத் தம் கணிப்பு பொய்யாகும் வாய்ப்பே கிட்டுவதில்லை. ஆகவே அனுபவமும் அப்பிழையைத் திருத்துவதில்லை.

திருத்தம் இயலும் என்பதனை ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரம், எரிகா பூத்பி, கஸ் கூனி ஆகியோர் 2022இல் காட்டினர். ஒரு வாரம் நடந்த தேடல் விளையாட்டில், ஒரு சாரார் குறிப்பிட்ட அடையாளமுடைய அந்நியரைக் கண்டுபிடித்து நாள்தோறும் பேசினர். மறு சாரார் அத்தகையவரைக் கண்டுபிடித்து நோக்கினர், பேசவில்லை. பேசியவர்களிடம் புறக்கணிப்பு பற்றிய அச்சம் தணிந்தது. தம் உரையாடல் திறன் மீது நம்பிக்கை கூடியது. விளையாட்டு முடிந்து ஒரு வாரம் சென்ற பின்னும் அம்மாற்றம் நிலைத்தது. ஆக, மாறியது எதிர்பார்ப்பு. அதனை மாற்றியது மீண்டும் மீண்டும் செய்த பழக்கம்.

இனித் தனிமை. தமிழில் இச்சொல் இரு பொருளைச் சுமக்கிறது. ஒன்று, எவரோடும் பேசாது தனித்திருக்கும் நிலை. மற்றொன்று, வேண்டிய உறவு வாய்க்கவில்லை என்னும் துயரம். சிகாகோ ஆய்வு ஒப்பிட்டது முதற்பொருளை. செய்திகள் உறுதியளிப்பது இரண்டாவதன் தீர்வை. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால் இந்த நழுவல் தமிழில் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதலதைத் தனித்திருத்தல் என்றும் பின்னதைத் தனிமையுணர்வு என்றும் எழுதினாலே குழப்பம் பெரிதும் நீங்கும்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. ஒரு பயணத்தின் இறுதியில் குறிக்கப்படும் மனநிலை, துணையை இழந்தவருக்கோ புது ஊரில் நண்பரற்ற மாணவருக்கோ மாதக்கணக்கில் நீளும் துயரத்தைப் பற்றி எதனையும் கூறாது. அதனை அறிய, நன்கு சோதிக்கப்பட்ட அளவுகோலால் ஒரே மனிதரைப் பல வாரங்கள் இடைவிட்டு அளக்க வேண்டும். மேலும், சிகாகோவின் மௌனப் பெட்டியில் பெற்ற முடிவு, பேச்சே வழக்கமான பெட்டிக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது. எல்லாரும் ஏற்கெனவே பேசும் இடத்தில் திருத்த வேண்டிய கணிப்புப் பிழை சிறிதாகவே இருக்கக்கூடும். பேச்சைத் தொடங்கும் பெண்ணின் அச்சமும் முழுவதும் கணிப்புப் பிழையன்று. சில வேளைகளில் அது சரியான கணிப்பு.

எனவே இவ்வாய்வுகளை மேற்கோள் காட்டுவோர் ஒரு வரம்பைப் பேணுதல் நலம். மனிதர் அடுத்தவரின் விருப்பத்தைக் குறைத்து மதிக்கின்றனர் என்பது நிறுவப்பட்டுள்ளது. சிறுபேச்சு தனிமையுணர்வுக்கு மருந்து என்பது இன்னும் சோதிக்கப்பட வேண்டிய கருதுகோள். பின்னதை முன்னதன் பெயரால் சொல்லிவிட்டால், உண்மையாகவே துயருறுவோரிடம் "யாரிடமாவது பேசிப் பாருங்கள்" என்று கூறிவிட்டு நிறுவனங்கள் தம் கடமை முடிந்ததாகக் கருதிவிடும்.