எஸ்ஐபி போட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டதா?

பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ரூ.10,000 வீதம் ஜனவரி 5 முதல் டிசம்பர் 5 வரை எஸ்ஐபி போட்ட ஒருவர், அடுத்த ஜனவரி 10-ல் "வருஷம் முடிந்தது" என்று மொத்தத்தையும் விற்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் வருஷக் கணக்கு தனி. பன்னிரண்டு மாதம் தாண்டியது முதல் தவணை மட்டுமே. மற்ற பதினொன்றில் வந்தது குறுகிய கால லாபம். அதற்கு இப்போது 20 சதவீத வரி. அந்த லாபம் ரூ.6,000 என்றால் வரி ரூ.1,200, செஸ் தனி. நீண்ட கால லாபமாகியிருந்தால் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியே இல்லை, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம்.

ஆனாலும் அந்த 1,200-ஐ மிச்சம் பிடிக்க டிசம்பர் வரை காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். சந்தை பத்து சதவீதம் இறங்கினால் போவது பதினோராயிரத்துக்கும் மேல். பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்கு என்றால் விற்றுவிடுங்கள். அவசரமில்லையா, வருஷம் தாண்டிய யூனிட்டுகளை மட்டும் எடுங்கள். முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கு.